கோர் எண்ணிக்கையும் பஸ் அகலமும்: கிராபிக்ஸ் கார்டின் வலிமையைக் கணிக்கும் கணக்கும் அதன் எல்லையும்

கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விவரப் பட்டியலில் உள்ள நான்கு எண்களைக் கொண்டு அதன் வலிமைக்கு இரண்டு மேல்வரம்புகளைக் கணக்கிடலாம். முதலாவது கணக்கிடும் திறன். கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரு கோர் ஒரு கடிகாரத் துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே செய்வதால் அந்த இரண்டு வருகிறது. இரண்டாவது, நினைவகத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு தரவை எடுக்க முடியும் என்பது. பஸ்ஸின் அகலத்தை ஓர் இணைப்பின் வேகத்தால் பெருக்கி, பிட்டுகளைப் பைட்டுகளாக்க எட்டால் வகுத்தால் அது வந்துவிடும்.

2020 அக்டோபரில் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3070-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதில் 5888 கோர்கள் உள்ளன. அறிவிக்கப்பட்ட உச்சக் கடிகாரம் 1725 மெகாஹெர்ட்ஸ். இவற்றோடு அந்த இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் விநாடிக்கு 20.3 லட்சம் கோடி கணக்குகள், அதாவது 20.3 டெராஃப்ளாப்ஸ். பஸ் 256 பிட், ஓர் இணைப்பின் வேகம் விநாடிக்கு 14 ஜிகாபிட். 256-ஐ 14-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 448 ஜிகாபைட். இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இவை இரண்டும் அறிவிக்கப்பட்ட வேகங்களில் அந்தச் சில்லு தாண்ட முடியாத கூரைகள் மட்டுமே. ஒரு கேம் அந்தக் கூரைக்கு எவ்வளவு அருகில் போகும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. கணிப்புகள் பொய்ப்பதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

கணக்கு அப்படியே பலிக்கும் இடமும் உண்டு. அதை முதலில் பார்த்தால் மற்ற இடங்களில் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கும். 2022 செப்டம்பர் வரை எத்தீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டியெடுத்தார்கள். அதற்கான ஈத்தாஷ் என்ற கணக்குமுறை, ஒவ்வொரு ஹாஷுக்கும் நினைவகத்தின் 64 வெவ்வேறு இடங்களிலிருந்து தலா 128 பைட் படிக்கும். மொத்தம் 8192 பைட். படிக்க வேண்டிய தரவுத்தொகுதி பல ஜிகாபைட் அளவில் இருந்ததால், சில்லுக்குள் இருக்கும் சிறிய கேஷ் நினைவகம் எந்த உதவியும் செய்யவில்லை. 448 ஜிகாபைட்டை 8192-ஆல் வகுத்தால் விநாடிக்கு சுமார் 5.5 கோடி ஹாஷ். நினைவகத்தின் வேகத்தைச் சற்று உயர்த்தி ஓட்டியவர்களுக்கு 3070 ஏறத்தாழ 6 கோடி ஹாஷ் கொடுத்தது. அதே 448 ஜிகாபைட் கொண்ட 3060 டிஐ, கோர்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைவாக இருந்தபோதிலும், அதே 6 கோடியைத்தான் கொடுத்தது. வேலை முழுவதும் ஒரே வளத்தைச் சார்ந்திருந்தது. அதனால் அந்த வளத்தின் எண்ணே விடையாகவும் அமைந்தது.

கேமில் ஒரு ஃப்ரேம் இப்படிப்பட்ட வேலை அல்ல. அது பல பத்து கட்டங்களாக வரையப்படுகிறது. நிழல்களுக்கான ஆழப்படம் வரையும் கட்டத்தில் முக்கோணங்களைக் கையாளும் பகுதிக்கே வேலை அதிகம். ஒளி கணக்கிடும் கட்டத்தில் கோர்கள் திணறும். பிம்பத்தை மங்கலாக்கிக் கலக்கும் கட்டத்தில் நினைவகம் திணறும். இவற்றுக்கிடையே ஒரு கட்டம் முடியும்வரை அடுத்தது காத்திருக்கும் சிறு இடைவெளிகளும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதில் கோர்களால் தீர்மானிக்கப்படுவது 5, நினைவகத்தால் தீர்மானிக்கப்படுவது 3, மற்றவை 2. கோர்களின் திறனை மட்டும் ஒன்றரை மடங்காக்கினால் அந்த 5 என்பது 3.3 ஆகும். மொத்தம் 8.3. கணக்கிடும் திறன் 50 சதவீதம் கூடியும், ஃப்ரேம்களின் எண்ணிக்கை 20 சதவீதமே கூடுகிறது.

3060 டிஐ, 3070 இரண்டும் இதை நிஜத்தில் காட்டுகின்றன. இரண்டும் ஒரே சில்லிலிருந்து செய்யப்பட்டவை. பஸ்ஸும் நினைவக வேகமும் கொள்ளளவும் ஒன்றே. கணக்கிடும் திறனில் 3070 சுமார் 25 சதவீதம் கூடுதல். கேம்களில் சராசரியாகக் கிடைக்கும் கூடுதல் அதில் ஏறத்தாழ பாதிதான். ஒரே தலைமுறைக்குள், ஒரே சில்லுக்குள், மிகச் சாதகமான சூழலிலேயே எண்களின் வித்தியாசம் பாதியாகச் சுருங்குகிறது. ஆயினும் எது வேகமானது என்பதில் கணிப்பு தவறவில்லை. வரிசை சரி, அளவு மிகை. ஒரு குடும்பத்துக்குள் விவரப் பட்டியலிலிருந்து எதிர்பார்க்கத்தக்கது இவ்வளவே. இதுவும் பயனுள்ள அறிவுதான்.

கோர் என்று எண்ணப்படுவது எது

குடும்பம் மாறும்போது வரிசையே குலைகிறது. இதற்கு 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யையும் 3070-ஐயும் ஒப்பிடுவதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2080 டிஐ-யில் 4352 கோர்கள், 1545 மெகாஹெர்ட்ஸ், 13.4 டெராஃப்ளாப்ஸ். 3070-இல் 20.3. அதாவது பட்டியலின்படி 3070 ஒன்றரை மடங்கு வலியது. வெளிவந்த நாளில் செய்யப்பட்ட சோதனைகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. சில கேம்களில் ஒன்று முந்தியது, சிலவற்றில் மற்றது.

காரணம், கோர் என்ற சொல்லால் எண்ணப்படும் பொருள் இடையில் மாறிவிட்டது. என்விடியாவின் சில்லுகள் எஸ்எம் எனப்படும் தொகுதிகளால் ஆனவை. ஒவ்வொரு எஸ்எம்முக்கும் தனிக் கட்டளைப் பிரிவும், பதிவகங்களும், உள் நினைவகமும் உண்டு. உண்மையில் ஒரு சிறு செயலியைப் போல இயங்குவது எஸ்எம்தான். விளம்பரத்தில் கோர் என்று எண்ணப்படுவது அதற்குள் இருக்கும் கணக்கிடும் அலகு மட்டுமே. 2080 டிஐ-யின் டூரிங் தலைமுறையில், ஓர் எஸ்எம்முக்குள் தசமப் புள்ளி எண்களைக் கணக்கிடும் 64 அலகுகளும், முழு எண்களைக் கணக்கிடும் 64 அலகுகளும் தனித்தனியே இருந்தன. கோர்கள் என்று எண்ணப்பட்டவை முதல் 64 மட்டுமே. முழு எண் அலகுகள் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

3070-இன் ஆம்பியர் தலைமுறையில் அந்த முழு எண் அலகுகளுக்குத் தசமப் புள்ளிக் கணக்கும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அவை ஒரு துடிப்பில் இரண்டில் ஒன்றைச் செய்யும். இரு வகை அலகுகளும் தசமப் புள்ளிக் கணக்குச் செய்ய வல்லவை என்பதால் ஓர் எஸ்எம்முக்கு 128 கோர்கள் என்று எண்ணிக்கை இரட்டிப்பாகியது. எஸ்எம்களை எண்ணினால் படம் தலைகீழாகும். 2080 டிஐ-யில் 68, 3070-இல் 46.

கேம்களின் கட்டளைகளில் முழு எண் கணக்கு எவ்வளவு என்பதை டூரிங்கை அறிமுகப்படுத்தியபோது என்விடியாவே வெளியிட்டது: சராசரியாக ஒவ்வொரு 100 தசமப் புள்ளிக் கட்டளைக்கும் சுமார் 36 முழு எண் கட்டளைகள். நினைவக முகவரிகளைக் கணக்கிடுவதும் ஒப்பிட்டு முடிவெடுப்பதும் இவற்றுள் அடங்கும். டூரிங்கில் இந்த 36-ம் தனி அலகுகளில் ஓடிவிடுவதால், 13.4 டெராஃப்ளாப்ஸ் முழுவதும் தசமப் புள்ளிக் கணக்குக்கே எஞ்சுகிறது. ஆம்பியரில் 100-ம் 36-ம் ஒரே 128 அலகுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 20.3-ஐ 1.36-ஆல் வகுத்தால் 14.9. ஒன்றரை மடங்காகத் தோன்றிய வித்தியாசம் இப்போது 11 சதவீதம்தான். எதிர்ப்பக்கத்தில் 2080 டிஐ-க்கு 352 பிட் பஸ் இருக்கிறது. அதில் விநாடிக்கு 616 ஜிகாபைட் போகும். 3070-இன் 448-ஐவிட அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். கோர்களில் ஒருவர் சற்று முன்னே, நினைவகத்தில் மற்றவர் நன்றாக முன்னே. சமம் என்ற சோதனை முடிவில் இனி வியப்பு இல்லை.

இந்தத் திருத்தக் கணக்கை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்வது பிழை. 36 என்பது சராசரி, கேமுக்குக் கேம் அது மாறும். பதிவகங்கள் போதுமா, தரவு நேரத்துக்கு வந்து சேர்கிறதா என்பவற்றையும் அது கணக்கில் கொள்ளவில்லை. ஆனால் வித்தியாசம் எங்கே கரைந்தது என்பதைக் காட்ட அது போதும்.

எண்ணும் முறை நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதற்கு ஏஎம்டி இன்னொரு சான்று. 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டின் கணக்கிடும் அலகுகளும், குறிப்பிட்ட நிபந்தனைகளில், ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளைச் செய்யும். ஏஎம்டி இதற்காகக் கோர்களை இரட்டித்து எண்ணவில்லை. 6144 என்றே எழுதியது. ஆனால் டெராஃப்ளாப்ஸ் கணக்கில் இரட்டிப்பைச் சேர்த்து 61 என்றது. முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான ஆர்எக்ஸ் 6950 எக்ஸ்டி-யில் அது 24-க்கும் குறைவு. இரண்டரை மடங்கு என்று தோன்றும் இடத்தில் கேம்களில் கிடைத்த சராசரி உயர்வு ஒன்றரை மடங்கைத் தொடவில்லை. இரட்டைக் கட்டளைக்குரிய நிபந்தனைகள் கேம் நிரல்களில் எப்போதும் அமைவதில்லை. ஆகவே என்விடியாவின் கோரையும் ஏஎம்டியின் கோரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது எந்த ஆண்டிலும் பொருளற்றது. ஒரே நிறுவனத்தின் இரு தலைமுறைகளை ஒப்பிடுவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

கோர்கள் பெருகப் பெருக இன்னொரு சிக்கல் வருகிறது. எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்க முடிவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4090-இல் 128 எஸ்எம்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 1536 இழைகளைத் தாங்கும். மொத்தம் 1,96,608. வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒளி பரவுவதுபோல் காட்ட, கேம்கள் பிம்பத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி மங்கலாக்கும். 1920க்கு 1080 பிம்பம் பக்கவாட்டில் எட்டில் ஒன்றாகக் குறுகும் கட்டத்தில் 240க்கு 135 ஆகிறது. அதில் இருப்பவை 32,400 பிக்சல்கள். பிக்சலுக்கு ஓர் இழை என்றால், 4090-இல் ஆறில் ஒரு பங்கு இடம்கூட நிரம்பாது. 76 எஸ்எம்கள் கொண்ட 4080-இலும் இடம் முழுதாக நிரம்பாது. எனவே அந்தக் கட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தையே எடுக்கும். 4080-ஐவிட 4090-க்குக் கோர்கள் 68 சதவீதம் அதிகம். 4கே ரெசல்யூஷனில்கூட அது கொடுப்பது அதில் பாதியை எட்டுவதில்லை. 1080-இல் வித்தியாசம் மேலும் ஒடுங்கிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் கணினியின் மையச் செயலியே தடையாகி நிற்கும்.

பஸ் அகலம் தனியாக எதையும் சொல்லாது

கோர் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக வாங்குபவர்கள் பார்ப்பது பஸ்ஸின் அகலத்தை. 128 பிட் என்றால் மட்டம், 256 பிட் என்றால் நல்லது என்ற தீர்ப்பு பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அகலம் என்பது பெருக்கலின் ஓர் உறுப்பு மட்டுமே என்பதை ஒரு மலிவான கார்டு கொடுமையாக மெய்ப்பித்தது. 2017-இல் வந்த ஜிடி 1030-இல் 384 கோர்கள், 64 பிட் பஸ், ஜிடிடிஆர்5 நினைவகம். 2018-இல் அதே பெயரில், அதே 384 கோர்களுடன், அதே 64 பிட் பஸ்ஸுடன், டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொரு வகை கடைக்கு வந்தது. முதலாவதில் ஓர் இணைப்பின் வேகம் 6 ஜிகாபிட், ஆகவே விநாடிக்கு 48 ஜிகாபைட். இரண்டாவதில் 2.1 ஜிகாபிட், ஆகவே 16.8 ஜிகாபைட். கடிகாரம் சற்றே குறைவு என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. கேம்களில் இரண்டாவது வகை பல இடங்களில் முதலாவதன் பாதி வேகத்தையே கொடுத்தது. கோரையும் பஸ்ஸையும் மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இரண்டும் ஒரே பொருளாகத்தான் தெரிந்திருக்கும். நினைவகத்தின் வகையைப் பெட்டியில் தேடிப் பார்க்காதவர் பாதிக் கார்டை வாங்கினார். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தது வாங்குபவருக்குச் செய்த அநீதி.

எதிர்த்திசை எடுத்துக்காட்டு 2015-இல் உண்டு. ஏஎம்டியின் ஆர்9 ஃப்யூரி எக்ஸ், எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்துடன் 4096 பிட் பஸ் கொண்டு வந்தது. அதே மாதம் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 டிஐ-யில் 384 பிட். அகலத்தில் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் எச்பிஎம்மின் ஓர் இணைப்பு 1 ஜிகாபிட் வேகத்தில்தான் ஓடியது, 980 டிஐ-யில் 7. பெருக்கினால் 512-க்கு எதிராக 336. பத்து மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கியது. கணக்கிடும் திறனிலும் ஃப்யூரி எக்ஸ்தான் மேல்: 8.6-க்கு 6. இரண்டு கூரைகளும் உயரமாக இருந்தும் 1440 ரெசல்யூஷனில் 980 டிஐ பெரும்பாலும் சமமாகவோ முன்னேயோ நின்றது. பிக்சல்களை இறுதியாக எழுதும் அலகுகள் ஃப்யூரியில் 64, மற்றதில் 96. முக்கோணங்களை உள்ளே எடுத்துக்கொடுக்கும் பகுதியும் 4096 கோர்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. பலரும் படிக்காமல் விடும் வரிகளில் தடை இருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பஸ் அகலத்தின் பொருளை மாற்றியது பெரிய கேஷ். 2023 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ-யின் பஸ் 128 பிட் என்று அறிந்ததும் எழுந்த கோபம் நியாயமானதா என்பதை எண்களால் பார்க்கலாம். முந்தைய 3060 டிஐ-யில் 256 பிட், 448 ஜிகாபைட். புதியதில் நினைவகம் 18 ஜிகாபிட் வேகத்தில் ஓடியும் 288 ஜிகாபைட்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கணக்கிடும் திறனோ 16.2-இலிருந்து 22 டெராஃப்ளாப்ஸாக உயர்ந்திருந்தது. இதோடு சில்லுக்குள் இருக்கும் இரண்டாம் நிலைக் கேஷ் 4 மெகாபைட்டிலிருந்து 32 மெகாபைட்டாகியது.

கேஷில் கிடைத்துவிடும் தரவுக்கு நினைவகத்துக்குப் போக வேண்டியதில்லை. எனவே பெரிய கேஷ் தரவுப் போக்குவரத்தில் 36 சதவீதத்தைத் தடுத்துவிட்டால், 288 ஜிகாபைட் பழைய 448-க்கு நிகராகிவிடும். அவ்வளவைத் தடுக்குமா என்பது ரெசல்யூஷனைப் பொறுத்தது. பிக்சலுக்கு 4 பைட் என்று கொண்டால், 1920க்கு 1080 பிம்பத்தின் ஒரு தளம் சுமார் 8 மெகாபைட். ஆழம், நிறம், பரப்பின் திசை என்று மூன்று நான்கு தளங்கள் கேஷுக்குள் இடம்பெறலாம். எழுதியவுடன் திரும்பப் படிக்கும் வேலை பெரும்பாலும் உள்ளேயே முடிகிறது. 3840க்கு 2160-இல் அதே ஒரு தளம் 33 மெகாபைட்டை ஒட்டி வருகிறது. ஒன்றே கேஷை நிரப்பிவிடும். அடுத்த தளத்தைத் தொட்டதும் முந்தையது வெளியே தள்ளப்படும். அப்போது பஸ்ஸின் உண்மையான ஒடுக்கம் வெளியே வருகிறது. சோதனைகள் காட்டியதும் இதுவே. 1080-இல் 4060 டிஐ சுமார் 10 சதவீதம் முந்தியது. ரெசல்யூஷன் ஏற ஏற அந்த முன்னிலை கரைந்து, 4கே-இல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகின. சில கேம்களில் பழைய கார்டு முந்தியது. என்விடியா இந்தக் கேஷைக் கணக்கில் சேர்த்து 554 ஜிகாபைட்டுக்கு நிகர் என்று ஓர் எண்ணைக் கொடுத்தது. அது எல்லா ரெசல்யூஷனுக்கும் பொருந்தும் எண் அல்ல. 128 பிட் என்றாலே மட்டம் என்ற கோபமும் அதே அளவுக்குப் பிழை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 4060 டிஐ-யின் கோர் எண்ணிக்கை 4352. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய 2080 டிஐ-யின் எண்ணிக்கையும் மிகச் சரியாக அதுவே. ஒன்றில் 68 எஸ்எம்கள், மற்றதில் 34. ஒன்று 1545 மெகாஹெர்ட்ஸுக்கு அறிவிக்கப்பட்டது, மற்றது 2535-க்கு. எண் ஒன்றாக இருக்க, அதற்குள் இருக்கும் பொருள் ஒன்றுகூட ஒன்றாக இல்லை.

பட்டியலில் மறைந்திருப்பவை

நினைவகத்தின் கொள்ளளவு வேகத்தைக் கூட்டுவதில்லை. போதாதபோது மட்டும் வேகத்தைக் கவிழ்க்கிறது. 4060 டிஐ 8 ஜிகாபைட்டிலும் 16 ஜிகாபைட்டிலும் கிடைத்தது. மற்ற எண்கள் ஏறத்தாழ எல்லாமே ஒன்று. பெரும்பாலான கேம்களில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு கேமுக்கு 8 ஜிகாபைட்டுக்கு மேல் தேவைப்பட்டால், மிஞ்சும் தரவு கணினியின் முதன்மை நினைவகத்துக்குப் போய்விடும். அங்கிருந்து அதைக் கொண்டுவரும் பிசிஐஇ வழி இந்தக் கார்டில் எட்டுத் தடங்கள் கொண்டது. நான்காம் தலைமுறைப் பலகையில் விநாடிக்கு சுமார் 16 ஜிகாபைட், பழைய மூன்றாம் தலைமுறைப் பலகையில் 8. உள்ளே கிடைக்கும் 288-ஓடு ஒப்பிட்டால் அந்த 16-கூடப் பதினெட்டில் ஒரு பங்குதான். இதன் அடையாளம் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையில் அவ்வளவாகத் தெரியாது. சீராக ஓடும் படம் திடீரெனத் தயங்கும். சில கேம்கள் தயங்காமல், சுவரும் தரையும் மங்கலாகத் தெரியும் தரம்குறைந்த படங்களைப் போட்டுச் சமாளிக்கும். எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்யும் சோதனையில் இந்தக் குறை பிடிபடாது.

லேப்டாப்புகளில் நிலைமை இன்னும் மோசம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3584 கோர்கள். அதே பெயர் கொண்ட லேப்டாப் சில்லில் 3840. கோர்களை எண்ணினால் லேப்டாப்தான் மேல். ஆனால் டெஸ்க்டாப் கார்டுக்கு 170 வாட் மின்சாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. லேப்டாப் சில்லுக்கு அதைச் செய்யும் நிறுவனம் 60 முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் ஒதுக்கலாம். மின்சாரம் போதாதபோது சில்லு தன் கடிகாரத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். கூடுதல் கோர்கள் இருந்தும் அது டெஸ்க்டாப் கார்டுக்குப் பின்னேதான் நிற்கிறது. ஒரே பெயர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகளுக்கிடையிலும் பெரிய வேறுபாடு இருக்கும். பெருக்கல் கணக்கில் இடப்படும் உச்சக் கடிகாரம் லேப்டாப்பில் நிலைக்கும் எண் அல்ல. வாங்கும்முன் கேட்க வேண்டிய முதல் எண் வாட்தான்.

சில்லு எதனால் கட்டுண்டு நிற்கிறது என்பதைக் கையிலிருக்கும் கணினியில் பார்க்கலாம். விண்டோஸில் GPU-Z என்ற இலவச நிரல் கோர்கள், பஸ் அகலம், நினைவக வகை ஆகியவற்றைக் காட்டும். ஜிடி 1030-இன் இரு வகைகளையும் பிரித்தறிய அதன் முதல் பக்கமே போதும். அதன் Sensors பக்கத்தில் PerfCap Reason என்ற வரியில் கேம் ஓடும்போது Pwr என்று தொடர்ந்து வந்தால், கடிகாரத்தைத் தடுப்பது மின் எல்லை. Thrm என்று வந்தால் வெப்பம். என்விடியா கார்டுள்ள கணினியில் கட்டளை வரியிலிருந்தும் இதே தகவலைப் பெறலாம்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

வெளியீட்டில் SW Power Cap என்ற வரிக்கு எதிரே Active என்று இருந்தால் மின் எல்லை எட்டப்பட்டுவிட்டது. கார்டின் பயன்பாடு 99 சதவீதத்துக்கு வெகு கீழே நின்று, ஃப்ரேம்களும் குறைவாக இருந்தால், தடை பெரும்பாலும் மையச் செயலியில் இருக்கிறது. அந்த நிலையில் எந்த கிராபிக்ஸ் கார்டை மாற்றினாலும் பயன் சொற்பம்.

இத்தனை எல்லைகளுக்கும் பிறகு விவரப் பட்டியலை வைத்துச் செய்யத்தக்க கணிப்பு ஒன்று எஞ்சுகிறது. அளவிட வேண்டிய கார்டு எந்தத் தலைமுறை என்று முதலில் பார்க்க வேண்டும். அதே தலைமுறையில், நம்பகமான சோதனை முடிவு ஏற்கெனவே உள்ள வேறொரு கார்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கணக்கிடும் திறனின் விகிதத்தையும், நினைவக வேகத்தின் விகிதத்தையும் தனித்தனியே எடுத்து, கேஷ் ஒரே அளவா என்று சரிபார்க்க வேண்டும். இரண்டு விகிதங்களும் அருகருகே இருந்தால் உண்மையான உயர்வு அதில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 3080-க்கும் 3090-க்கும் இதைப் பொருத்தினால், கணக்கிடும் திறன் 20 சதவீதமும் நினைவக வேகம் 23 சதவீதமும் கூடுகின்றன. கணிப்பு 10 முதல் 17 சதவீதம். 4கே சோதனைகளில் கிடைத்தது 10-க்கும் 15-க்கும் இடையே. விகிதங்கள் விலகி நின்றால், சிறியதன் பக்கமே விடை சாயும். தலைமுறை மாறினாலோ, நிறுவனம் மாறினாலோ, ஒன்று லேப்டாப்பாக இருந்தாலோ, இந்தக் கணிப்பைக் கைவிட்டு, ஆடப்போகும் கேமை ஆடப்போகும் ரெசல்யூஷனில் ஓட்டிப் பார்த்த சோதனையைத் தேட வேண்டும்.

அந்த அளவுகோலில் 3060 டிஐ வைத்திருப்பவருக்கு 4060 டிஐ-யின் 8 ஜிகாபைட் வகை தரும் உறுதியான ஆதாயம், கார்டின் மின் எல்லை 200 வாட்டிலிருந்து 160-ஆகக் குறைவதுதான். பட்டியலில் தெரியும் 36 சதவீதக் கூடுதல் கணக்கிடும் திறனுக்காக மட்டும் அதை மாற்றுவது வீண் செலவு.